ஒரு சீட்டு, இரண்டு பிடித்தம்

"காசு ரெண்டு தடவ புடிச்சுட்டாங்க சார்" என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். "நெசமாவே நீங்க ரெண்டு தடவ வாங்கலையே?"

சிலருக்குக் கோபம் வரும். ஆனாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும். வங்கியில் கார்டு பிரிவில் இருந்த வருடங்களிலும் சரி, ஓய்வு பெற்றபின் நாமக்கல்லில் இந்த ஜெராக்ஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொடுக்கும் இப்போதும் சரி, "ரெண்டு தடவ" என்று வரும் புகார்களில் ஒரு பகுதி உண்மையிலேயே இரண்டு வாங்கல்தான். லாரிக்காரர் டிரைவரிடம் கார்டைக் கொடுத்து அனுப்பியிருப்பார், ரகசிய எண்ணும் சேர்த்து. (அது கூடாது என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது.) டிரைவர் காலையில் ஓரிடத்தில் ஐயாயிரத்துக்கு டீசல் அடிப்பார், சாயங்காலம் வேறிடத்தில் மறுபடி ஐயாயிரத்துக்கு அடிப்பார். பாஸ்புக்கில் ஒரே தேதி, ஒரே தொகை, இரண்டு வரி. வரியின் ஓரத்தில் இருக்கும் ஊர்ப்பெயரைப் பார்த்தால் போதும், கடிதம் எழுதும் வேலை மிச்சம்.

இன்னொரு பகுதி, காத்திருந்தால் தானே சரியாகிவிடுவது. கிரெடிட் கார்டில் ஒரு தொகையைத் தேய்த்ததும் முதலில் அது 'நிலுவை' என்று ஒதுக்கிவைக்கப்படும். கடைக்காரரின் வங்கி கணக்கை அனுப்பியபின் அதுவே பற்றாக மாறும். இடையில் ஓரிரு நாள் இரண்டும் திரையில் தெரியலாம். அதைப் பார்த்துப் பதறி வருபவரை, நிலுவை வரி மறையும்வரை பொறுக்கச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

மிச்சம் இருப்பதுதான் உண்மையான இரட்டைப் பிடித்தம். அதற்குத்தான் கடிதம்.

2024 ஜூன் கடைசியில் பரமத்தி வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். சொந்தமாக ஒரு லாரி. சேலத்தில் ஒரு டயர் கடையில் இரண்டு டயர் வாங்கியிருக்கிறார், மொத்தம் ரூ.38,600. டெபிட் கார்டைத் தேய்த்து ரகசிய எண்ணை அழுத்தியிருக்கிறார். மெஷின் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது, சீட்டு வரவில்லை. கடைப்பையன் "சிக்னல் இல்லீங்க, இன்னொருக்கா போடுங்க" என்றிருக்கிறான். இன்னொருமுறை போட்டதும் சீட்டு வந்தது. டயரை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால் இரண்டு குறுஞ்செய்தி. கணக்கில் ரூ.77,200 குறைந்திருந்தது.

அவரே ஏற்கெனவே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். அதன் நகலையும் வங்கி அனுப்பிய பதிலையும் மடித்து வைத்திருந்தார். கடிதம் இப்படித்தான்: "என் அனுமதி இல்லாமல் என் கணக்கில் மோசடியாக ரூ.77,200 எடுத்துவிட்டார்கள், உடனே திருப்பித் தரவும்." பதில் நாலே வரி. இரண்டு பரிவர்த்தனைகளும் கார்டையும் ரகசிய எண்ணையும் பயன்படுத்தியே நடந்துள்ளன, இரண்டும் வெற்றிகரமானவை, ஆகவே வங்கிக்குப் பொறுப்பில்லை.

வங்கி சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். கேள்விதான் தப்பு.

கிளையில் கொடுக்கும் கடிதத்தைக் கிளை மேலாளர் படித்துத் தீர்ப்பதில்லை என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. அது ஸ்கேன் ஆகி வேறு ஊரில் ஓர் அலுவலகத்துக்குப் போகும். அங்கே ஒருவர் முன்னால் அன்றைக்குத் தீர்க்கவேண்டிய புகார்கள் வரிசையாக இருக்கும். இவருடையதற்கு அவர் ஒதுக்குவது சில நிமிடங்கள். அதற்குள் அவர் செய்யும் முதல் வேலை, புகார் எந்த வகை என்று பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது. 'மோசடி' என்ற சொல் கண்ணில் பட்டால் கை அந்தப் பெட்டிக்குப் போய்விடும். அந்தப் பாதையில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: கார்டு யாரிடம் இருந்தது, ரகசிய எண் போடப்பட்டதா? போடப்பட்டது. முடிந்தது கதை. சில நேரம் கார்டையும் முடக்கிவிட்டு, போலீசில் புகார் கொடுத்த நகலைக் கொண்டுவா என்பார்கள்.

'ஒரே வாங்கலுக்கு இருமுறை' என்பது தனி வகை. விசா அமைப்பின் விதிகளில்கூட மோசடிக்கு ஒரு தொகுதி எண்கள், இரட்டைப் பதிவுக்கு 12.6.1 என்று தனி எண். அந்த எண்ணில் போனால் கேள்வியே மாறிவிடும். இரண்டு பதிவுக்கும் இரண்டு சரக்கு கொடுத்தாயா என்று கடைக்காரரின் வங்கியைக் கேட்பார்கள். ஆதாரம் காட்ட வேண்டியவர் இப்போது கடைக்காரர். இந்த மாற்றத்தை உண்டாக்குவதுதான் கடிதத்தின் வேலை.

அதைவிட முக்கியமானது ஒன்று. அவர் ரூ.77,200 முழுவதையும் கேட்டிருந்தார். டயர் லாரியில் ஓடிக்கொண்டிருக்கிறது, காசு முழுதும் திரும்ப வேண்டுமென்றால் எந்த அலுவலர் நம்புவார்? இரண்டு வரியில் எதை ஏற்றுக்கொள்கிறேன், எதை மறுக்கிறேன் என்று விரலை வைத்துக் காட்டவேண்டும். தோற்றுப்போனதாக நான் பார்த்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வரி இல்லாமல் தோற்றவை. "ரெண்டுல ஏதோ ஒண்ணு" என்பது கோரிக்கை ஆகாது. ஏனென்றால் கணினியில் 'ஏதோ ஒன்று' என்று எதுவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருக்கிறது.

அந்த எண்ணுக்கு ஆர்.ஆர்.என். என்று பெயர், 12 இலக்கம். சீட்டில் இருக்கும். சீட்டு வராத பதிவுக்குப் பாஸ்புக்கில் பார்க்கலாம், `POS/416611004127` என்பதுபோல் அச்சாகியிருக்கும். இதில் ஒரு சின்ன ரகசியம் உண்டு. பெரும்பாலான எண்களில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. 2024-இல் ஜூன் 14 என்பது 166-ஆவது நாள். ஆகவே 4166 என்று தொடங்கினால் சரியான வரியைத்தான் எழுதுகிறோம் என்று தெரியும். பாஸ்புக்கில் மங்கலாக அச்சான எண்ணைப் பார்த்து எழுதும்போது இது என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. ஓர் இலக்கம் மாறினால் போதும், "அப்படி ஒரு பரிவர்த்தனை இல்லை" என்று பதில் வந்துவிடும்.

இவருடைய இரண்டு பதிவுக்கும் வெவ்வேறு ஆர்.ஆர்.என். இருந்தது. வங்கி இதை வைத்துத்தான் 'இரண்டும் தனித்தனி' என்று சொன்னது. தனித்தனி எண் என்றால் கார்டு இரண்டுமுறை தேய்க்கப்பட்டது என்று பொருள், அது உண்மைதானே? இரண்டுமுறை சரக்கு வாங்கியதாக அதற்குப் பொருள் இல்லை. ஒரே எண் இரண்டுமுறை வந்தால் விஷயம் வேறு. தேய்த்தது ஒருமுறைதான், கணக்கு அனுப்பும் இடத்தில் இரண்டாகப் போயிருக்கிறது. அது எளிய வழக்கு, வாதமே தேவையில்லை.

அவரைக் கையோடு சேலத்துக்கு அனுப்பினேன். அவருக்கு அலைச்சலில் விருப்பமில்லை. "கடைக்காரன் தான் திருடுனானுங்களே, அவங்கிட்ட எதுக்குப் போகோணும்?" என்றார். கடைக்காரர் திருடியிருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. முதல் தடவை என்ன நடந்திருக்கும்? மெஷின் கேட்டது, வங்கி 'சரி' என்று பணத்தை எடுத்து வைத்தது, அந்தச் 'சரி' திரும்பி வரும் வழியில் சிக்னல் அறுந்துவிட்டது. பதில் வராததால் மெஷின் 'ரத்து' என்று இன்னொரு செய்தி அனுப்பவேண்டும். அதுவும் அதே சிக்னலில்தான் போகவேண்டும். போகாவிட்டால், வாடிக்கையாளர் கணக்கில் பணம் குறைந்திருக்கும், கடைக்காரருக்கும் வந்திருக்காது. நடுவில் தொங்கும்.

இதைக் கண்டுபிடிக்கச் சிறந்த காகிதம் கடைக்காரரிடம்தான் இருக்கிறது. ராத்திரி கடை சாத்தும்முன் மெஷினில் 'செட்டில்மென்ட்' போடுவார்கள். பல மெஷின் தானாகவே போட்டுக்கொள்ளும். அப்போது அன்றைய விற்பனைக் கணக்கு ஒரு நீளச் சீட்டாக வரும். அதில் ரூ.38,600 ஒருமுறை இருக்கிறதா, இருமுறையா? ஒருமுறை என்றால் பணம் நடுவில் தொங்குகிறது, வங்கிதான் திருப்பவேண்டும். இருமுறை என்றால் பணம் கடைக்காரரிடம் வந்துவிட்டது. அவர் மனது வைத்தால் தன் மெஷினிலேயே திருப்பி அனுப்பலாம், அது சில நாளில் கார்டுக்கு வந்துசேரும். அன்றைக்கே, செட்டில்மென்ட் போடும்முன் பிடித்திருந்தால் 'வாய்டு' என்று ஒரு பொத்தானில் தீர்ந்திருக்கும். கையில் ரொக்கமாகக் கொடுக்கிறேன் என்று கடைக்காரர் சொன்னால் வாங்குங்கள், ஆனால் எழுதி வாங்கிக்கொண்டு புகாரை விட்டுவிடுங்கள். ரொக்கமும் வாங்கி, வங்கியிலும் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மறுபடி வங்கி பிடிக்கும்போது வந்து என்னிடம் அழுதால் நான் என்ன செய்ய?

மறுநாள் அவர் செட்டில்மென்ட் சீட்டின் நகலோடு வந்தார். ஒரே ஒரு ரூ.38,600. கூடவே கடைக்காரர் தன் லெட்டர்பேடில் இரண்டு வரி எழுதி முத்திரை வைத்துக் கொடுத்திருந்தார். அவருக்கும் அதில் நிம்மதிதான், திருட்டுப் பட்டம் போனதே.

மெஷின் சீட்டுப் பற்றி ஒரு வார்த்தை. அது சூட்டில் கறுக்கும் காகிதம். இவர் தன் சீட்டை லாரி டேஷ்போர்டில் வைத்திருந்தார். நம்மூர் ஜூன் வெயில் கண்ணாடி வழியாக இறங்கியதில் சீட்டு பாதி கறுத்துப்போய், தொகையும் கடைசி எண்களும் மட்டும் தப்பியிருந்தன. பணப்பையில் வைத்தால் வெளிறிப்போகும். அசலைப் பத்திரமாக வைப்பதைவிட, வாங்கிய அன்றே ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது மேல்.

பிறகு எழுதினோம். பெயர், முகவரி நீக்கி அப்படியே தருகிறேன். எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நாள்: 28-06-2024

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்.

பொருள்: டெபிட் கார்டு (கடைசி நான்கு எண் 4471). 14-06-2024 அன்று ஒரே வாங்கலுக்கு இருமுறை பிடித்ததில் ஒரு ரூ.38,600-ஐத் திருப்பக் கோருதல்.

பார்வை: எனது 20-06-2024 கடிதம், தங்களது 26-06-2024 பதில்.

ஐயா,

14-06-2024 அன்று சேலத்தில் ஒரு கடையில் இரண்டு டயர் வாங்கினேன். பில் ஒன்று, தொகை ரூ.38,600. என் கணக்கில் அன்று இரண்டு பற்று உள்ளன.

முதல் பற்று: காலை 11.42, ரூ.38,600, ஆர்.ஆர்.என். 416611004127. இதற்கு மெஷினில் சீட்டு வரவில்லை.

இரண்டாம் பற்று: காலை 11.45, ரூ.38,600, ஆர்.ஆர்.என். 416611004131. இதற்குச் சீட்டு வந்தது.

இரண்டாம் பற்றை ஏற்கிறேன். முதல் பற்றை மறுக்கிறேன்.

இது மோசடிப் புகார் அல்ல. இருமுறையும் கார்டைப் பயன்படுத்தியது நான்தான். என் முந்தைய கடிதத்தில் 'மோசடி' என்றும் ரூ.77,200 என்றும் எழுதியது தவறு. அதற்குப் பதிலாக இதை ஏற்கவும். கடையின் அன்றைய செட்டில்மென்ட் கணக்கில் ரூ.38,600 ஒருமுறை மட்டுமே உள்ளது.

முதல் பற்றைத் திருப்பி வரவு வைக்கவும். இயலாது என்றால், அந்தப் பற்றுக்குக் கடையின் வங்கி காட்டும் சீட்டின் நகலைத் தரவும். சீட்டு வராத இப்பற்று 19-06-2024-க்குள் தானாகத் திரும்பியிருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 20-09-2019 சுற்றறிக்கைப்படி அதன் பின் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 சேர்த்து வரவு வைக்கவும்.

இணைப்பு: கடை பில், இரண்டாம் பற்றின் சீட்டு, பாஸ்புக் பக்கம், இரண்டு குறுஞ்செய்திகளின் படம், செட்டில்மென்ட் சீட்டு நகல், கடைக்காரர் கடிதம்.

கடிதம் இவ்வளவுதான். ஒரே பக்கம். மன உளைச்சல், பிள்ளை படிப்பு, வட்டிக்கு வாங்கிய காசு எதுவும் இல்லை. அவருக்கு அது குறையாகவே பட்டது. "நம்ம கஷ்டத்த ரெண்டு வரி சேத்துங்க சார்" என்றார். கஷ்டத்துக்கு அந்தக் கணினியில் பெட்டி இல்லை என்றேன். முழுக் கார்டு எண்ணை எழுதலாமா என்றும் கேட்டார். வேண்டாம். கடைசி நான்கு போதும்; கடிதம் எத்தனை கை மாறுமோ தெரியாது.

'சீட்டு வரவில்லை' என்பதை அவர் முதல் கடிதத்தில் எழுதவே இல்லை. இந்த வழக்கில் பணம் இருந்தது அந்த இரண்டு சொல்லில்தான். கணக்கில் பிடித்தும் கடையில் சீட்டு வராத பரிவர்த்தனைக்கு 2019 சுற்றறிக்கை நாள் குறித்திருக்கிறது: நடந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்பவேண்டும், தவறினால் நாளுக்கு ரூ.100. நாள் என்றால் காலண்டர் நாள், ஞாயிறும் சேர்த்தி. வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திராமல் வங்கியே கொடுக்கவேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இரண்டு தடவையும் சீட்டு வந்திருந்தால் இந்த நூறு ரூபாய்க் கணக்குப் பொருந்தாது. அது கடைக்காரரோடு தீர்க்கும் தகராறு, நாள் கூடுதலாகும். அதற்கும் எல்லை உண்டு. விசா கார்டில் இரட்டைப் பதிவுக்கு 120 நாள். ஆகவே ஆறு மாதப் பாஸ்புக்கை மொத்தமாக அச்சடித்துவிட்டுப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு என்னால் பெரிதாக உதவமுடியாது.

கிரெடிட் கார்டாக இருந்தால் இன்னொரு சிக்கல். 2022-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, பில்லை மறுத்தால் வங்கி 30 நாளுக்குள் விளக்கமும் ஆதாரமும் தரவேண்டும். ஆனால் அதுவரை அபராதம், வட்டி போடக்கூடாது என்ற பாதுகாப்பு 'மோசடி' என்று மறுத்த தொகைக்குத்தான். அந்த வட்டிக்குப் பயந்து இரட்டைப் பிடித்தத்தை மோசடி என்று எழுதினால் மேலே சொன்ன குழியில் விழுவோம். கட்டிவிட்டுச் சண்டை போடுங்கள் என்றுதான் நான் சொல்வது. பலருக்கு இது பிடிப்பதில்லை. அமெரிக்காவில் 1974-இலேயே இதற்கென்று சட்டம் போட்டு, பில் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் மறுத்தால் விசாரணை முடியும்வரை அந்தத் தொகையைக் கட்டவேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள். அங்கேயும் போனில் சொன்னால் அந்த உரிமை வராது, கடிதம்தான் வேண்டும்.

இரண்டு நகல் எடுத்தோம். ஒன்றைக் கிளையில் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு முத்திரையும், புகார் எண்ணும் வாங்கி வரச்சொன்னேன். முத்திரை இல்லாமல் திரும்பி வந்தார், "நாளைக்கு வாங்கன்னாங்க" என்று. திரும்ப அனுப்பினேன். அந்த முத்திரைத் தேதிதான் அடுத்த படியின் அடித்தளம். வங்கி 30 நாள் பதில் சொல்லாவிட்டாலோ, சொன்ன பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரில் வந்த ஒருங்கிணைந்த திட்டத்தில் எந்தக் கிளை, எந்த ஊர் என்று தேடவேண்டியதில்லை. cms.rbi.org.in தளத்தில் போடலாம். தபாலில் என்றால் சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் முதலில் வங்கியிடம் கேட்டதற்குச் சான்று இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இவருக்கு அதுவரை போகவேண்டி வரவில்லை.

ஜூலை 8, திங்கட்கிழமை ரூ.38,600 வரவாகிவிட்டது. போனில் சொன்னார், குரலில் சந்தோஷம். அடுத்த வாரம் நேரில் வந்தார், முகத்தில் ஒரு குழப்பம். பாஸ்புக்கை விரித்துக் காட்டினார்.

"சார், இதுக்கு மேல ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஒண்ணு வந்திருக்குதுங்க. யாரோ தப்பாப் போட்டுட்டாங்களாட்ட இருக்குது. திருப்பிக் குடுக்கோணுமுங்களா?"

முத்திரை வைத்த நகலை எடுத்து, கடைசிப் பத்தியைப் படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்ட கடிதத்தை அவர் அப்போதுதான் முழுதாகக் கேட்டார். கடைச்சுவரில் தொங்கிய காலண்டரின் ஜூன் தாளைத் தூக்கி, 20-இலிருந்து விரல் வைத்து எண்ண ஆரம்பித்தார். ஜூனில் பதினொன்று, ஜூலையில் எட்டு.

"பத்தொம்பதுங்க" என்றார்.